கரையில் அடித்த முளை

இரண்டு தோணிகள் தண்ணீரில் அருகருகே நிற்கின்றன. ஒன்றில் நின்றுகொண்டு மற்றொன்றைக் கயிறு கட்டி இழுத்தால் அந்தத் தோணி மட்டும் நம்மிடம் வராது. நாம் நிற்கும் தோணியும் அதை நோக்கிப் போகும். நம்முடையது பெரிய தோணி என்றால் கொஞ்சம் குறைவாகப் போகும், அவ்வளவுதான். நகராமல் இழுக்க வேண்டுமென்றால் கரையில் ஒரு முளை அடித்து, கயிற்றை அதில் கட்டித்தான் இழுக்க வேண்டும்.

பல்லுக்குக் கம்பி கட்டும் சிகிச்சையில் ஆரம்ப நாளிலிருந்தே இருந்துவரும் தொல்லை இது. எடுப்பாக இருக்கும் முன்பற்களைப் பின்னால் இழுக்கப் பின்னால் இருக்கும் கடைவாய்ப் பற்களில்தான் கயிற்றைக் கட்ட முடியும். முன்பல் பின்னால் வரும்போது கடைவாய்ப் பல்லும் முன்னால் வந்துவிடுகிறது. இப்படி நழுவாமல் பிடித்து நிறுத்துவதை எங்கள் துறையில் ‘ஆங்கரேஜ்’ என்கிறோம். தமிழில் பிடிமானம் என்று சொன்னால் போதும். கரையில் அடிக்கும் முளைக்கு நிகராகத் தாடை எலும்பில் தற்காலிகமாகப் பொருத்தும் குட்டி ஸ்க்ரூதான் இந்தக் கட்டுரையின் பொருள். அதை எப்போது தேர்ந்தெடுக்கிறோம், எப்படிப் போடுகிறோம், எங்கே தவறுகிறது என்பதை ஒரே ஒரு நோயாளியின் வாயை வைத்துச் சொல்கிறேன். பல் சீரமைப்பு பயிலும் மாணவர்களுக்கும், தன் வாயிலோ பிள்ளையின் வாயிலோ ஸ்க்ரூ போடப்போகிறார்கள் என்று கேட்டுத் திகைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

ஏழு மில்லிமீட்டர் கணக்கு

அவருக்கு வயது 23. படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த புதிது. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் முன்னால் தள்ளியிருந்தன. சும்மா இருக்கும்போது உதடுகள் சேராது. வலிந்து மூடினால் மோவாயில் ஆரஞ்சுத் தோல்போல் சுருக்கம் விழும். பற்கள் ஒன்றுக்கொன்று கடிக்கும் விதத்தில் குறையில்லை. இரண்டு வரிசையும் சேர்ந்தே முன்னால் நிற்பதுதான் குறை. நம் ஊரில் கம்பி கட்ட வருகிறவர்களில் இந்த வகையினர் நிறைய.

பின்னால் இழுக்க இடம் வேண்டும். அதற்காகக் கோரைப் பல்லுக்கு அடுத்த முதல் முன்கடைவாய்ப் பற்கள் நான்கையும் எடுத்தோம். ஒரு பல் எடுத்தால் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 7 மி.மீ. அவருடைய பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கோடு போட்டுப் பார்த்தபோது, உதடு இயல்பாகச் சேர மேல் முன்பற்கள் 6 மி.மீ. பின்னால் போக வேண்டும் என்று தெரிந்தது. ஆக, கடைவாய்ப் பல் முன்னால் வர மிச்சம் இருப்பது 1 மி.மீ. மட்டுமே.

சிகிச்சையை நிர்ணயிப்பது இந்தக் கணக்குதான். கிடைத்த இடத்தில் கடைவாய்ப் பல் எத்தனை பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்பதை வைத்துப் பாடநூல்கள் மூன்று வகை பிரிக்கின்றன. பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்பது ஒரு வகை. கால் பங்கிலிருந்து பாதி வரை எடுக்கலாம் என்பது இரண்டாவது. கால் பங்கைத் தாண்டவே கூடாது என்பது மூன்றாவது. 7 மி.மீ.யில் கால் பங்கு 1.75 மி.மீ. நமக்கு அனுமதி 1 மி.மீ. தான். மூன்றாம் வகையிலும் இது கண்டிப்பான கணக்கு.

முன்பெல்லாம் இதற்கு ஹெட்கியர் கொடுப்போம். கழுத்திலும் தலையிலும் பட்டை மாட்டி, வாய்க்கு வெளியே கம்பி வளைத்து, கடைவாய்ப் பல்லைப் பின்னால் பிடித்திருக்கும் கருவி அது. தினமும் 12 முதல் 14 மணி நேரம் போட்டால்தான் பலன். பள்ளிப் பிள்ளையிடமே கெஞ்ச வேண்டியிருக்கும். அலுவலகம் போகும் 23 வயதுக்காரர் போடமாட்டார். இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களையும் அண்ணத்தின் குறுக்கே கம்பியால் இணைக்கலாம். இரண்டாம் கடைவாய்ப் பல்லையும் சேர்த்துக் கட்டலாம். ஆனால் இதெல்லாம் தோணியைப் பெரிதாக்குவதுதான். பெரிய தோணியும் தண்ணீரில்தான் மிதக்கிறது.

“எலும்புக்குள்ள ஸ்க்ரூவா டாக்டர்?” என்று அவருடைய அம்மா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

பல் நகர்கிறது, ஸ்க்ரூ ஏன் நிற்கிறது?

பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல் அதில்தான் தொங்குகிறது. மெல்லிய விசையைத் தொடர்ந்து கொடுத்தால், அழுத்தப்படும் பக்கம் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கம் புதிய எலும்பு வளர்கிறது. பல் இடம் மாறுகிறது. கம்பி கட்டும் சிகிச்சை முழுவதும் இந்தப் படலத்தை நம்பித்தான் நடக்கிறது. ஸ்க்ரூவுக்கு அந்தப் படலம் கிடையாது. மரை நேராக எலும்பைக் கவ்வியிருப்பதால், பல்லை நகர்த்தப் போதுமான அதே விசை ஸ்க்ரூவை நகர்த்தப் போதுவதில்லை.

இந்த எண்ணம் பழையது. 1945ஆம் ஆண்டில் கெயின்ஸ்ஃபோர்த், ஹிக்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் கீழ்த்தாடையில் வைட்டாலியம் என்ற உலோகத்தாலான ஸ்க்ரூக்களைப் பொருத்திப் பல்லை இழுத்துப் பார்த்தார்கள். 16 முதல் 31 நாட்களுக்குள் எல்லா ஸ்க்ரூக்களும் ஆடி விழுந்துவிட்டன. பிறகு நீண்ட மௌனம். 1983இல் கிரீக்மோர், எக்லண்ட் இருவரும் ஒரு நோயாளியின் மூக்கெலும்பு முனைக்குச் சற்றுக் கீழே அதே உலோகத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டு, ஒரு வருடத்தில் மேல் முன்பற்களை ஏறத்தாழ 6 மி.மீ. மேலே ஏற்றிக் காட்டினார்கள். 1997இல் ஜப்பானின் கனோமி, வெறும் 1.2 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. நீளமும் கொண்ட குட்டி ஸ்க்ரூவை அறிமுகப்படுத்தினார். இவ்வளவு சிறியதென்றால் இரண்டு பற்களின் வேர்களுக்கு நடுவிலேயே நுழைக்கலாம். அதற்குப் பிறகுதான் இது எல்லா மருத்துவமனைகளுக்கும் வந்தது.

பல் இல்லாத இடத்தில் செயற்கைப் பல்லுக்காகப் போடும் இம்பிளான்ட் வேறு, இது வேறு. இம்பிளான்ட் எலும்போடு இணைந்துவிட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் ஸ்க்ரூ இணையக் கூடாது. வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். சுவரில் ஆணி நிற்பதுபோல் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. அதனால் போட்ட அன்றே விசை கொடுக்கலாம். அதே காரணத்தால் போட்ட கை தடுமாறினால் அதற்கு மறுவாழ்வும் கிடையாது.

எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

கடைவாய்ப் பல் நழுவவே கூடாது என்ற கணக்கு வரும்போது ஸ்க்ரூ தேவை. கீழ்ப்பல் விழுந்து பல வருடங்கள் ஆனதால் மேல் கடைவாய்ப் பல் கீழே இறங்கிவிட்டால், அதைத் திரும்ப மேலே ஏற்ற ஸ்க்ரூவைப்போல் எளிய வழி வேறில்லை. பின்பற்கள் பல போய்விட்டதால் கட்டுவதற்கே பிடி இல்லாதவர்களுக்கும் அது தேவை. இந்த மூன்றும்தான் அடிக்கடி வருபவை.

வேண்டாத இடங்களும் உண்டு. சுமார் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் எலும்பு மரையைக் கவ்வுமளவு கெட்டியாக இருப்பதில்லை. முளைக்காத பற்களும் உள்ளே கிடக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், அதிகம் புகைப்பவர்கள், எலும்புத் தேய்வுக்கு பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து எடுப்பவர்கள், ஈறு வீங்கி ரத்தம் கசியும் வாயை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு முதலில் அதைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

நம் நோயாளிக்கு மேல்தாடையில் மட்டும் இரண்டு ஸ்க்ரூ என்று முடிவு செய்தேன். கீழ்த்தாடையில் 4 மி.மீ. பின்னிழுத்தால் போதும். அங்கே எலும்பு கெட்டி; கடைவாய்ப் பல் எளிதில் நகராது. இரண்டாம் கடைவாய்ப் பல்லைச் சேர்த்துக் கட்டினாலே கணக்கு சரியாகும். தேவையில்லாத இடத்தில் போட்ட ஸ்க்ரூவும் ஒரு காயம்தான் என்பதை மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இடம் பார்ப்பது

மேல்தாடையில் வழக்கமான இடம், இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கும் முதல் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில், கன்னப் பக்கம். அங்கே வேர்களுக்கு இடையில் மற்ற இடங்களைவிட இடம் அதிகம். ஸ்பிரிங் மாட்டவும் வசதி. ஆனால் ‘வழக்கமான இடம்’ என்பது புத்தகத்தில் இருப்பது. நோயாளியின் வாயில் இருப்பதை எக்ஸ்ரே எடுத்து அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் போட நினைத்த ஸ்க்ரூ 1.4 மி.மீ. விட்டம், 8 மி.மீ. நீளம், டைட்டானியம் கலப்புலோகம். அதன் இரண்டு பக்கமும் வேரிலிருந்து குறைந்தது 1 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும் என்றால் வேர்களுக்கு இடையில் 3.4 மி.மீ. தேவை. எக்ஸ்ரேயில் வலப்பக்கம் 3.6 மி.மீ. இருந்தது. இடப்பக்கம் 2.7 மி.மீ. தான். இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் வேர், கடைவாய்ப் பல்லை நோக்கிச் சாய்ந்திருந்தது.

இங்கேதான் அவசரக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். 1.2 மி.மீ. ஸ்க்ரூவை எடுத்துச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். ஸ்க்ரூ மெலிய மெலிய முறுக்கும்போது உடையும் ஆபத்து ஏறும். நம்மிடம் இன்னொரு கருவி இருக்கிறதே: பல்லை நகர்த்துவதுதானே நம் தொழில்! இடப்பக்க முன்கடைவாய்ப் பல்லின் பிராக்கெட்டைக் கழற்றி, வேர் முன்பக்கம் திரும்பும்படி கொஞ்சம் சாய்த்து ஒட்டினேன். வரிசை சீராக்கும் மெல்லிய கம்பிகளைத் தாண்டித் தடிமனான எஃகுக் கம்பி போடும் வரை எப்படியும் சில மாதங்கள் ஆகும். அந்தக் காலத்தில் வேர்கள் விலகின. மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் 3.5 மி.மீ. தெரிந்தது. அதன் பிறகே ஸ்க்ரூ பெட்டியைத் திறந்தோம். இப்படியும் இடம் கிடைக்காதவர்களுக்கு அண்ணத்திலோ, கடைவாய்ப் பல்லுக்கு மேலே கன்ன எலும்பு தொடங்கும் மேட்டிலோ போடலாம். மேட்டில் போடுவது 2 மி.மீ. விட்டத்தில் இன்னும் நீளமான வேறு வகை ஸ்க்ரூ.

அடுத்தது உயரம். மேலே போகப் போக வேர்கள் கூராகி இடைவெளி அகலமாகிறது. அதனால் எவ்வளவு மேலே போட்டால் அவ்வளவு நல்லது என்று நினைக்கத் தோன்றும். இரண்டு தடைகள் இருக்கின்றன. ஈறு ஒரு எல்லை வரைதான் எலும்போடு இறுகி ஒட்டியிருக்கும். அதற்கு மேலே கன்னத்தோடு அசையும் மெல்லிய தோல். அசையும் தோலில் போட்ட ஸ்க்ரூவைத் தோல் ஓயாமல் உரசும், வீங்கும், கடைசியில் தலையையே மூடிவிடும். இன்னும் மேலே போனால் மேல்தாடைக் காற்றறை இருக்கிறது. ஆகவே, ஒட்டிய ஈறு முடியும் எல்லைக்கோட்டை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே போடுவதே சரி. உதட்டை விரலால் அசைத்தால் எது நகர்கிறது, எது நகரவில்லை என்று கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டியதில்லை.

போடும் அன்று

முதலில் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் கரைசலால் ஒரு நிமிடம் வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். மெல்லிய கம்பியை வளைத்துப் பிராக்கெட்டில் மாட்டி, அதன் முனை ஸ்க்ரூ போகவேண்டிய இடத்தைத் தொடும்படி வைத்து ஒரு சிறிய எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கம்பியின் முனை இரண்டு வேர்களுக்கும் நடுவில் தெரிந்தால் இடம் சரி.

மரப்பு ஊசி கொஞ்சமாகத்தான் போட வேண்டும். பல் எடுக்கும்போது போடுவதுபோல் முழு டோஸ் கூடாது. ஈறும் எலும்பின் மேற்பரப்பும் மரத்தால் போதும். வேரைச் சுற்றிய நார்ப்படலம் விழித்திருக்க வேண்டும். எலும்புக்குள் வலி உணர்வு பெரிதாக இல்லை. ஆனால் ஸ்க்ரூ வேரைத் தொட்டால் அந்தப் படலம் உடனே வலியாகச் சொல்லிவிடும். நோயாளியின் வலிதான் நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. அதையும் மரக்கவைத்துவிட்டால் இருட்டில் திருகுவதுபோல்தான். எனவே நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: “அழுத்துற மாதிரி இருக்கும்மா, அது பரவாயில்ல. பல்லுக்குள்ள சுள்ளுனு வலிச்சா இடது கையைத் தூக்குங்க. நான் நிறுத்திடுவேன்.”

கூர்முனைக் கருவியால் இடத்தில் அழுத்திப் புள்ளி வைக்கிறோம். எலும்பைத் தொடும் வரை போனால் ஈறின் தடிமனும் தெரியும். பிறகு கைத் திருப்புளியில் ஸ்க்ரூவை மாட்டி, எலும்புக்குச் செங்குத்தாக வைத்துத் திருக வேண்டும். எலும்பின் வெளிப்பாளம் வழுக்கலானது. ஆரம்பத்திலேயே சாய்த்தால் முனை சறுக்கும். இரண்டு மூன்று சுற்றில் முனை பாளத்தைக் கடித்துக்கொண்டதும், ஒரு சுற்று பின்வாங்கித் திருப்புளியைச் சாய்த்து, பல்லின் நீள அச்சுக்கு 30 முதல் 45 டிகிரி கோணத்தில் முனை மேல்நோக்கிப் போகும்படி தொடர வேண்டும். இப்படிச் சாய்ப்பதால் முனை வேர்கள் விலகியிருக்கும் பகுதிக்குப் போகிறது; வெளிப்பாளத்தில் அதிக நீளத்துக்குப் பிடிப்பும் கிடைக்கிறது.

அதன் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான்: மெதுவாக, ஆடாமல் திருகுவது. திருப்புளியின் பின்முனையை உள்ளங்கையில் ஊன்றி, விரல்களால் மட்டும் சுற்ற வேண்டும். மணிக்கட்டு ஆடினால் துளை கூம்புபோல் அகன்றுவிடும். அன்றைக்கு இறுகியதுபோல் தெரிந்தாலும் இரண்டு வாரத்தில் ஸ்க்ரூ ஆடும். தேவையான இறுக்கம் 5 முதல் 10 நியூட்டன் சென்டிமீட்டர் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இறுக்கம் அதற்குக் குறைந்தால் பிடிப்பு போதாது. கூடினாலும் கெடுதிதான், அழுந்திய எலும்பு செத்துக் கரைந்து, நன்றாக இறுகிய ஸ்க்ரூவே சில வாரங்களில் கழன்றுவிடும். அதிக இறுக்கம் நல்லது என்ற தச்சுவேலைக் கணக்கு இங்கே செல்லாது.

கை மூன்று செய்திகளைப் படிக்கப் பழக வேண்டும். எதிர்ப்பு சீராக ஏறிக்கொண்டே போனால் எல்லாம் சரி. எதிர்ப்பு திடீரென்று எகிறி, ஸ்க்ரூ முன்னேறாமல் நின்று, நோயாளியும் கையைத் தூக்கினால் முனை வேரில் முட்டியிருக்கிறது. பலம் கொடுத்துத் தள்ளாமல், எதிர்த்திசையில் திருகி வெளியே எடுத்துக் கோணத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும். வேரின் மேற்பரப்பில் சிறு கீறல் விழுந்திருந்தால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். தொடர்ந்து தள்ளிப் பல்லின் நரம்பறையை எட்டினால்தான் பல்லுக்கே ஆபத்து. மூன்றாவது, எதிர்ப்பு திடீரென்று காணாமல் போவது. எலும்பு மெலிந்த இடம் அது, அல்லது காற்றறை. காற்றறையில் விழுந்த சிறிய துளை தானாகவே மூடிக்கொள்ளும். ஆனாலும் அந்த இடத்தில் பிடிப்பு கிடைக்காது என்பதால் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

ஸ்க்ரூவின் கழுத்து ஈறை மெல்லத் தொட்டதும் நிறுத்த வேண்டும். ஈறு வெளுத்தால் அழுந்துகிறது என்று பொருள். கால் சுற்று திரும்பி வர வேண்டும். கடைசியாக இடுக்கியால் பிடித்து அசைத்துப் பார்த்து, ஒரு எக்ஸ்ரே எடுத்து முடிக்கிறோம். ஒரு ஸ்க்ரூவுக்கு ஐந்து நிமிடம் போதும். கீழ்த்தாடையாக இருந்தால் கெட்டி எலும்பில் முதலில் சிறிய துளை போட வேண்டியிருக்கும். அப்போது உப்புநீர் ஊற்றிக்கொண்டே, மிக மெதுவாகச் சுழற்ற வேண்டும். 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு கெட்டுவிடுகிறது.

விசை கொடுப்பது

அன்றே இரண்டு பக்கமும் ஸ்க்ரூவிலிருந்து முன்பற்களின் கம்பியில் இருக்கும் கொக்கிக்கு நிக்கல் டைட்டானியம் ஸ்பிரிங் மாட்டினோம். விசைமானியால் அளந்து பக்கத்துக்கு 150 கிராம். எலும்பில் கட்டியிருக்கிறோமே என்று விசையைக் கூட்டக் கூடாது. பல் நகரும் வேகத்தை நார்ப்படலம் தீர்மானிக்கிறது. ஸ்க்ரூவின் பலம் அதை மாற்றாது.

கொக்கியின் உயரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்க்ரூ மேலே இருக்கிறது, கொக்கி கீழே இருக்கிறது; ஸ்பிரிங் சாய்வாக இழுக்கும். கொக்கி மிகக் கட்டையாக இருந்தால் பற்களின் தலை மட்டும் பின்னால் சாயும், வேர் நின்ற இடத்தில் நிற்கும். கொக்கியை உயர்த்தினால் பல் நிமிர்ந்தபடி மொத்தமாக நகரும். நம் நோயாளிக்கு வேரும் பின்னால் போக வேண்டியிருந்ததால் உயரமான கொக்கி வைத்தோம். மாதம் ஒரு முறை வரும்போது இடைவெளி எவ்வளவு மூடியது என்பதோடு, முன்பற்கள் சாய்கின்றனவா, பின்பற்களின் கடி பிரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சாய்வான இழுப்பு வரிசை முழுவதையும் சுழற்றக்கூடும். இடைவெளியை மட்டும் அளப்பவர் அதைத் தவறவிடுவார்.

ஐந்தாவது வாரம்

ஐந்தாவது வாரம் அவரிடமிருந்து போன் வந்தது: “டாக்டர், பிரஷ் பட்டா இடப்பக்க ஸ்க்ரூ ஆடுற மாதிரி இருக்கு, லேசா வலிக்குது.” வரச்சொல்லிப் பார்த்தேன். ஈறு சிவந்து தடித்திருந்தது. இடுக்கியால் தொட்டதும் ஸ்க்ரூ ஆடியது.

இது அபூர்வமல்ல. பல ஆயிரம் ஸ்க்ரூக்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றில் தோல்வி விகிதம் 13.5 சதவீதம் என்று கண்டார்கள். ஏறத்தாழ ஏழில் ஒன்று. பெரும்பாலானவை முதல் சில வாரங்களிலேயே கழன்றுவிடும். இதை ஸ்க்ரூ போடுவதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அவரிடம் சொல்லியிருந்ததால்தான் பதறாமல் போன் செய்தார்.

ஆடும் ஸ்க்ரூவை அதே துளையில் இன்னும் இரண்டு சுற்று இறுக்கிவிடுவது பலரும் செய்யும் தவறு. அகன்ற துளையில் மரைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. கழற்றிவிட வேண்டும். அதே இடம்தான் வேண்டும் என்றால் எலும்பு நிரம்பச் சில மாதம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு இடம். நான் அதைக் கழற்றி, முதல் கடைவாய்ப் பல்லுக்கும் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். 3.4 மி.மீ. இருந்தது. ஈறு ஆறியபின் அங்கே போட்டோம். இழுப்பு முழுவதும் அது நின்றது.

ஏன் கழன்றது? எக்ஸ்ரேயில் அந்த ஸ்க்ரூ முன்கடைவாய்ப் பல் வேரை ஒட்டினாற்போல் இருந்தது. மெல்லும்போதெல்லாம் பல் நார்ப்படலத்தில் அசையும். வேர் ஸ்க்ரூவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அளந்து 3.5 மி.மீ. இருந்தும் என் கோணம் முன்பக்கம் சற்று விலகிவிட்டது. இடம் இருப்பது மட்டும் போதாது, அதன் நடுவில் போயிருக்க வேண்டும். கடைவாய்ப் பக்கம் கன்னம் தடுப்பதால் திருப்புளி இயல்பாகவே முன்பக்கத்திலிருந்து வரும். முனை பின்னோக்கிச் சாயும். அதைத் திருத்தப்போய் நான் அளவுக்கு மீறித் திருப்பிவிட்டேன். இப்போது மாணவர்கள் போடும்போது கடிக்கும் பக்கத்திலிருந்து கண்ணாடியில் பார்த்துக் கோணத்தைச் சொல்ல ஒருவரை நிறுத்துகிறேன்.

இறுகி நிற்கும் ஸ்க்ரூவும் அசையாது என்று எண்ண வேண்டாம். 2004இல் தைவானின் லியூவும் உடன் ஆய்வாளர்களும் 16 பேரின் கன்ன எலும்பு மேட்டில் போட்ட ஸ்க்ரூக்களை ஒன்பது மாத இழுப்புக்குப் பிறகு அளந்தார்கள். எதுவும் கழலவில்லை, ஆனால் 7 பேருக்கு ஸ்க்ரூ 1.5 மி.மீ. வரை இடம் மாறியிருந்தது. எனவே வேர் முதலான முக்கிய பாகங்களிலிருந்து 2 மி.மீ. தள்ளிப் போடுங்கள் என்றார்கள். வேர்களுக்கு நடுவே அவ்வளவு இடம் அநேகமாகக் கிடைக்காது. ஆகவேதான் அங்கே விசையைக் குறைவாக வைக்கிறோம். சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து வேருக்கும் ஸ்க்ரூவுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கிறோம். கரையில் அடித்த முளையும் ஈரமண்ணில் கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

நோயாளியின் பங்கு சிறியது, ஆனால் தினமும் செய்ய வேண்டியது. மென்மையான பிரஷ்ஷால் ஸ்க்ரூவின் தலையைச் சுற்றித் துலக்க வேண்டும். நாக்காலோ விரலாலோ ஆட்டிப் பார்க்கக் கூடாது. சிவந்தாலோ, தொட்டால் வலித்தாலோ அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது.

கணக்கு முடிந்தது

பத்தாவது மாதம் இடைவெளி மூடியது. புதிய பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் பழையதன்மேல் வைத்துப் பார்த்தோம். மேல் முன்பற்கள் 6 மி.மீ. பின்னால் போயிருந்தன, கடைவாய்ப் பல் முன்னால் வந்தது 1 மி.மீ.க்குள் அடங்கியது. உதடுகள் வலிந்து மூடாமலே சேர்ந்தன. ஸ்க்ரூக்களை இடஞ்சுழியாகத் திருகிக் கழற்ற ஊசி தேவைப்படவில்லை. ஈறில் மரப்பு ஜெல் தடவியதே போதுமாக இருந்தது. சில நாட்களில் துளை இருந்த இடம் மூடிவிட்டது.

பயிலும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் கேஸ் ஷீட்டில் மூன்று எண்களை எழுதுங்கள்: கடைவாய்ப் பல் எத்தனை மி.மீ. முன்னால் வரலாம், வேர்களுக்கு நடுவே எத்தனை மி.மீ. இருக்கிறது, ஒட்டிய ஈறு எந்த உயரத்தில் முடிகிறது. முதல் எண் ஸ்க்ரூ வேண்டுமா என்பதைச் சொல்லும். மற்ற இரண்டும் எங்கே என்பதைச் சொல்லும். இந்த மூன்றும் எழுதப்படாத நோயாளியின் வாயில் ஸ்க்ரூ போடாதீர்கள்.